புதுக் குடிநீர், கழிவுநீர் இணைப்பு: வரி ரசீது விற்றவர் பெயரில், பின்கட்டில் செப்டிக் டேங்க். எதை முதலில் செய்வது?

கீழ்த்தளம் | 02-06-2025, காலை 9.10

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வீடு. தரைத்தளமும் ஒரு மாடியும். இதுவரை போர் தண்ணீரும் செப்டிக் டேங்கும்தான். தெருவில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் இரண்டும் வந்துவிட்டன. இரண்டு இணைப்பும் ஒன்றாகக் கேட்கப் போகிறேன். கிரயப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. சொத்து வரி ரசீது இன்னும் விற்றவர் பெயரில், பழைய கதவு எண்ணோடு வருகிறது. மின் இணைப்பு என் பெயருக்கு மாறிவிட்டது. இதை வைத்து விண்ணப்பம் போடலாமா?

மேட்டுத்தெரு | 02-06-2025, காலை 11.42

போடலாம். மின் கட்டண அட்டை உங்கள் பெயரில் இருந்தால் போதும். பத்திர நகல், ஆதார் நகல் சேர்த்து நகராட்சி அலுவலகத்தில் கொடுத்து டெபாசிட் கட்டினால் இணைப்பு வந்துவிடும். எங்கள் ஊரில் அப்படித்தான்.

ரசீதுக்கட்டு | 02-06-2025, பிற்பகல் 2.05

மேட்டுத்தெரு சார், பத்திரமும் ஆதாரும் சரி. மற்றது சென்னைக்குப் பொருந்தாது. இங்கே இணைப்பு கொடுப்பது மாநகராட்சி அல்ல, குடிநீர் வாரியம். 1978 சட்டத்தில் உருவான தனி அமைப்பு அது. மற்ற ஊர்களில் உள்ளாட்சியே குழாய் இணைப்பும் கொடுத்து டெபாசிட்டும் வாங்கிக்கொள்ளும். சென்னையில் சொத்து வரி மாநகராட்சிக்கு, குடிநீர் கழிவுநீர் வரி வாரியத்துக்கு. வாரியத்தின் வரி சொத்தின் ஆண்டு மதிப்பை வைத்துத்தான் போடப்படுகிறது. அந்த மதிப்பு மாநகராட்சியின் சொத்து வரிப் பதிவில் இருக்கிறது. அதனால்தான் இங்கே சொத்து வரி ரசீதுக்கு இவ்வளவு எடை. மின் அட்டை முகவரிக்குத் துணைச் சான்று, அவ்வளவே. உரிமைக்கு அது சான்று ஆகாது, வாடகைக்கு இருப்பவர் பெயரிலும் மின் இணைப்பு இருக்க முடியும்.

கீழ்த்தளம், உங்கள் வேலை வரிப் பெயர் மாற்றத்தில் தொடங்குகிறது. விற்றவர் பெயரில் ரசீது இருக்கும்போதே விண்ணப்பித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வரும். இல்லையென்றால் இணைப்பே விற்றவர் பெயரில் பதிவாகும். இரண்டாவதுதான் மோசம். பிறகு வாரியத்தில் தனியாக ஒரு பெயர் மாற்றம் கேட்டு நடக்க வேண்டும்.

கீழ்த்தளம் | 02-06-2025, இரவு 8.30

பெயர் மாற்றத்துக்கு என்னென்ன?

ரசீதுக்கட்டு | 03-06-2025, காலை 7.15

கிரயப் பத்திர நகல், கடைசி அரையாண்டு வரை வரி கட்டிய ரசீது, வில்லங்கச் சான்று. வில்லங்கச் சான்றை tnreginet.gov.in தளத்திலேயே எடுக்கலாம். உங்கள் கிரயம் அதில் ஏறியிருக்கும்படி தேதி கொடுங்கள். பத்திரம் பதிவான நாளுக்கு முந்தைய நாளோடு முடிகிற சான்றைச் சிலர் கொண்டுபோய் நீட்டுகிறார்கள், அதில் வாங்கியவர் பெயரே இருக்காது.

வரி பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை அடுத்தது. நீங்கள் ஜூனில் இருப்பதால் நடப்பு அரையாண்டையும் கட்டிவிட்டே போங்கள்.

பெயர் மாற்ற மனுவிலேயே கதவு எண்ணையும் திருத்தக் கேளுங்கள். பத்திரத்தில் பழைய எண்ணும் புதிய எண்ணும் சேர்ந்து இருக்கிறதா? இருந்தால் வேலை எளிது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் அந்தப் பக்கத்தை மடக்கிவைத்துத் தனியாகக் காட்டுங்கள். பிறகு இணைப்புக்காக வாரியத்தின் பகுதிப் பணிமனையிலிருந்து ஆள் பார்வையிட வரும்போது தாளில் உள்ள எண்ணும் வாசலில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் "அப்படி ஒரு வீடு இல்லை" என்றே குறிப்பு எழுதிவிட முடியும்.

பழையஎண் | 03-06-2025, காலை 10.50

வாரிசு வீடாக இருந்தால்? எங்கள் வீட்டு வரி இறந்துபோன மாமனார் பெயரில் ஓடுகிறது. நான்கு பேர் வாரிசு, ஒருவர் வெளிநாட்டில்.

ரசீதுக்கட்டு | 03-06-2025, காலை 11.20

இறப்புச் சான்று, வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்று இரண்டையும் வைத்து வரியை வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு ஒருவர் விண்ணப்பிக்க மற்ற மூவரும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் கையெழுத்து வருவதற்குள் மற்றதெல்லாம் முடிந்துவிடும், அதனால் அதை முதலில் தொடங்குங்கள்.

மூணாம்மாடி | 03-06-2025, மாலை 6.40

எங்கள் அடுக்ககத்தில் இணைப்பு இருந்தும் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. இணைப்புக் குழாயிலேயே மோட்டார் வைக்கலாமா? விண்ணப்பத்தில் அதற்கும் இடம் உண்டா?

மட்டக்குழாய் | 03-06-2025, இரவு 9.05

கேள்வி வேறு என்றாலும் பதில் இங்கேயும் உதவும். இணைப்புக் குழாயில் நேரடியாக மோட்டார் வைக்கக் கூடாது. தண்ணீர் ஓடாத நேரத்தில் உறிஞ்சினால் குழாய்க்குள் காற்றழுத்தம் குறைந்து, மூட்டில் எங்கே கசிவு இருக்கிறதோ அங்கே வெளியே தேங்கிய அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படும். தெரு முழுக்க அதைத்தான் குடிக்கும். சென்னையில் தெருக்குழாயின் அழுத்தம் மாடிக்கு ஏறப் போதாது என்று எடுத்துக்கொண்டே வீட்டைத் திட்டமிட வேண்டும். வாரியத் தண்ணீர் தானாகத் தரைக்குக் கீழ் உள்ள சம்பில் விழ வேண்டும். சம்பிலிருந்து மோட்டார் மேல்தொட்டிக்கு ஏற்ற வேண்டும்.

கீழ்த்தளம், உங்களிடம் சம்ப் இருக்கிறதா, எங்கே? கழிப்பறை எங்கே? வாசலிலிருந்து எவ்வளவு தூரம்? தாள் விஷயத்தை ரசீதுக்கட்டு பார்த்துக்கொள்வார். உங்கள் விண்ணப்பத்தில் தண்ணீரைவிடக் கழிவுநீர்தான் சிக்கல்.

கீழ்த்தளம் | 04-06-2025, காலை 8.00

சம்ப் வாசலுக்கு இடப்பக்கம், மதிலை ஒட்டி. கழிப்பறைகள் வீட்டின் பின்பக்கம், செப்டிக் டேங்கும் அங்கேதான். பின்பக்கக் கழிப்பறையிலிருந்து வலப்பக்கச் சந்து வழியாக வாசல் வரை 14 மீட்டர். வாசலிலிருந்து தெருவில் உள்ள ஆளிறங்கு குழி 4.5 மீட்டர். செப்டிக் டேங்கின் வெளிக்குழாயை அப்படியே தெருவில் சேர்த்துவிடலாம் என்று பிளம்பர் சொல்கிறார்.

மட்டக்குழாய் | 04-06-2025, காலை 9.30

வேண்டாம். கழிப்பறைக் குழாய் டேங்குக்குள் விழுகிற மட்டத்தைவிட வெளிக்குழாய் தாழ்வாகத்தான் இருக்கும். அங்கேயே கொஞ்சம் மட்டத்தை இழக்கிறீர்கள், உங்களுக்கு இழக்க மட்டம் இருக்கிறதா என்று இன்னும் தெரியாது. டேங்கில் சகதி நிறைந்தால் திட்டுத் திட்டாக அடித்துவந்து புதுக் குழாயை அடைக்கும். மாதக்கணக்கில் தேங்கிய கழிவின் வாயுவும் அதே குழாயில் வரும். டேங்கைத் தவிர்த்துப் புதுக் குழாய் போடுங்கள். பழைய டேங்கை லாரி வைத்து உறிஞ்சி எடுத்து, மணல் நிரப்பி மூடுங்கள். ஆளை உள்ளே இறக்கவே கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி அது குற்றம், அதைவிட முக்கியம், அந்த வாயுவில் இறங்கியவர் மேலே வருவதற்கு உத்தரவாதம் இல்லை.

இப்போது மட்டம் பார்க்க வேண்டும். நீளமான தெளிந்த குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, பின்கட்டுத் தரைக்கும் தெருவில் உள்ள குழி மூடிக்கும் உள்ள உயர வித்தியாசத்தை எடுங்கள். குழியை நீங்களோ பிளம்பரோ திறக்க வேண்டாம். பணிமனையில் சொன்னால் அவர்களே திறந்து ஆழம் சொல்வார்கள்.

கீழ்த்தளம் | 11-06-2025, மாலை 5.25

எடுத்துவிட்டேன். பின்கட்டுத் தரை தெருவைவிட 20 செ.மீ. தாழ்வு. சாலை மேல் சாலையாகப் போட்டு உயர்ந்துவிட்டது. குழியின் அடி, மூடியிலிருந்து 110 செ.மீ. ஆழம் என்று பணிமனையில் சொன்னார்கள். தெருவில் ஓடுவது 20 செ.மீ. விட்டமுள்ள குழாய். பின்பக்கக் கழிப்பறையின் வெளிக்குழாய் அடிமட்டம் பின்கட்டுத் தரைக்குக் கீழே 30 செ.மீ.

மேட்டுத்தெரு | 11-06-2025, இரவு 7.10

110 செ.மீ. ஆழம் இருக்கிறதே. உங்கள் குழாய் 30-ல் தொடங்குகிறது. தாராளமாக இறங்கும்.

மட்டக்குழாய் | 11-06-2025, இரவு 10.15

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்ளே 4 அங்குலக் குழாய் என்றால் 40-க்கு 1 சரிவு வேண்டும். 14 மீட்டருக்கு 35 செ.மீ. இறக்கம். ஆகவே வாசல் சேம்பரில் 65 செ.மீ. அங்கிருந்து தெருக்குழி வரை 6 அங்குலக் குழாய், 60-க்கு 1 சரிவு. 4.5 மீட்டருக்கு ஏழரை செ.மீ. இதுவரை 72.5. இவையெல்லாம் உங்கள் பின்கட்டுத் தரையிலிருந்து அளந்தவை. தெரு 20 செ.மீ. உயரம், அதனால் மூடியிலிருந்து பார்த்தால் 92.5 செ.மீ. ஆழத்தில் உங்கள் குழாயின் அடி குழிக்குள் நுழையும்.

குழியின் அடி 110 என்பதால் 17.5 செ.மீ. மிச்சம் இருப்பதுபோலத் தெரிகிறது. மேட்டுத்தெரு அதைத்தான் பார்க்கிறார். ஆனால் தெருக்குழாயின் விட்டம் 20 செ.மீ. அதன் உச்சி 90 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. உங்கள் குழாய் அந்த உச்சிக்கு இரண்டரை செ.மீ. கீழே நுழைகிறது. தெருக்குழாய் முக்கால்வாசி ஓடும் நாளில் ஒன்றும் தெரியாது. நிறைந்து ஓடும் நாளில் உங்கள் குழாயின் வாயில் தண்ணீர் நின்றுவிடும், வீட்டுக் கழிவு இறங்காமல் சேம்பரில் தேங்கும். வீட்டு இணைப்பு தெருக்குழாயின் உச்சிக்கு மேலே நுழைய வேண்டும் என்பது இதனால்தான்.

மட்டக்குழாய் | 12-06-2025, காலை 6.50

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். உள் குழாயையும் 6 அங்குலமாக்கி 60-க்கு 1 சரிவில் போட்டால் 14 மீட்டருக்கு 23.3 செ.மீ. மட்டுமே இறங்கும். கணக்கு 80.8-ல் முடியும். உச்சிக்கு மேல் 9 செ.மீ. இடைவெளி கிடைக்கும்.

கொத்துக்கரண்டி | 12-06-2025, பகல் 12.30

மட்டக்குழாய் அண்ணன் கணக்கு சரிதான், ஆனா ஒரு குடும்பத்துக்கு 6 அங்குலம் எனக்கு ஒப்பவில்லை. அகலமான குழாயில் ஒரு கழிப்பறைத் தண்ணீர் மெல்லிசாப் பரவி ஓடும், கெட்டி அப்படியே தங்கும். 4 அங்குலத்தில் அதே தண்ணீர் உயரமா நின்னு தள்ளிக்கிட்டுப் போகும். தொடக்கத்தையே மேலே தூக்கலாமே. கழிப்பறைத் தரை பின்கட்டைவிட எவ்வளவு உயரம்?

கீழ்த்தளம் | 12-06-2025, பிற்பகல் 1.15

45 செ.மீ. உயரம்.

கொத்துக்கரண்டி | 12-06-2025, பிற்பகல் 1.40

அப்போ இடம் இருக்கு. வெளிக்குழாய் அடியை 30-லிருந்து 18 செ.மீ.க்குத் தூக்குங்க. 18, 35, 7.5, 20 கூட்டினா 80.5. 4 அங்குலத்திலேயே அதே இடைவெளி.

மட்டக்குழாய் | 12-06-2025, இரவு 9.50

அதுவும் வழிதான். ஆனால் அடி 18-ல் என்றால் குழாயின் மேல்புறம் தரைக்கு 7 செ.மீ. கீழேதான். சந்தில் இருசக்கர வண்டி போகுமென்றால் கான்கிரீட் சுற்றிப் போட வேண்டும். முதல் நான்கைந்து மீட்டருக்குப் போட்டால் போதும், அதற்குப் பிறகு குழாய் ஆழத்துக்குப் போய்விடும். கெட்டி தங்கும் என்பதைப் பொறுத்தவரை, மாடிக் கழிப்பறை, குளியலறை, சமையலறை எல்லாம் ஒரே குழாயில் சேரும்போது 6 அங்குலமும் கழுவிக்கொண்டு ஓடும் என்பது என் கருத்து.

கொத்துக்கரண்டி | 12-06-2025, இரவு 10.20

மாடித் தண்ணீர் நடுவில்தானே வந்து சேருது? பின்பக்க முதல் துண்டில் கீழ்க் கழிப்பறைத் தண்ணீர் மட்டும்தான். அங்கேதான் அடைக்கும். நான் 4 அங்குலம்தான் போடுவேன்.

கீழ்த்தளம் | 13-06-2025, காலை 7.30

பின்கட்டில் துணி துவைக்கும் இடத்துத் தண்ணீரும் மழை நீரும் இப்போது தரையில் உள்ள ஒரே வடிகால் ஜாலி வழியாகப் போகின்றன. அதையும் புதுக் குழாயில் சேர்த்துவிடுகிறேன்.

மட்டக்குழாய் | 13-06-2025, காலை 8.10

துவைக்கும் தண்ணீர் சேரலாம். மழை நீர் சேரக் கூடாது. கழிவுநீர்க் குழாய் வீட்டுப் புழக்கத்துக்கு மட்டும் அளந்து போட்டது. ஒரு தெருவில் பத்து மொட்டைமாடிகளின் மழை அதில் இறங்கினால் குழிகள் பொங்கும். பார்வையிட வருபவர் மொட்டைமாடிக் குழாய் எங்கே விழுகிறது என்று பார்ப்பார். அதை மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தெருக்குழாய் அடைத்துக்கொண்டால் கழிவுநீர் எந்த வாய் தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியாகத்தான் வெளியே வரும். தெருக்குழி மூடியைவிட உங்கள் பின்கட்டு ஜாலி 20 செ.மீ. தாழ்வு. ஆகவே தெருவில் ஒரு சொட்டுகூட வழிவதற்கு முன்பே உங்கள் பின்கட்டில் பொங்கும். கழிப்பறைத் தரை தெருவைவிட 25 செ.மீ. உயரம், அது தப்பிக்கும். துவைக்கும் மேடையை 25 அல்லது 30 செ.மீ. உயர்த்தி ஜாலியை அதன் மேல் வையுங்கள். வாசல் சேம்பரின் மூடி விளிம்பையும் தெரு மட்டத்துக்கு மேலே கொண்டுவாருங்கள். பின்கட்டு மழைக்கு ஜாலி வேண்டாம், அது சேகரிப்புக் குழிக்குத் தனியாக ஓடட்டும்.

பழையஎண் | 13-06-2025, காலை 9.00

திருப்பி வராமல் தடுக்கும் வால்வு வைத்தால் இவ்வளவும் தேவையில்லையே.

மட்டக்குழாய் | 13-06-2025, காலை 9.45

வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. அதன் இதழில் துணி நூலோ முடியோ சிக்கினால் மூடாது. வெளியே தண்ணீர் நிற்கும்போது அது மூடியே இருக்கும், அந்த நேரம் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது, சேம்பரில்தான் ஏறும். கையெட்டும் இடத்தில் வைத்து மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பவருக்கு மட்டும் அது பயன்படும்.

ரசீதுக்கட்டு | 08-07-2025, பிற்பகல் 3.30

கீழ்த்தளம், வரிப் பெயர் மாற்றம் என்ன ஆயிற்று?

கீழ்த்தளம் | 09-07-2025, காலை 8.15

முடிந்தது. ஆனால் ரசீதில் என் இனிஷியல் ஒன்றுதான் வந்திருக்கிறது. பத்திரத்திலும் ஆதாரிலும் இரண்டு. விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

ரசீதுக்கட்டு | 09-07-2025, காலை 10.00

இப்போதே ரசீதைத் திருத்திவிடுங்கள். விண்ணப்பித்த பிறகு திருத்தினால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். பத்திரத்தில் எப்படியோ அப்படியே எல்லாவற்றிலும்.

திருத்தம் வந்ததும் cmwssb.tn.gov.in தளத்தில் விண்ணப்பம். குடிநீர், கழிவுநீர் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேளுங்கள், பார்வையிடுவது ஒரே முறையில் முடியும். கையில் வைத்திருக்க வேண்டியவை: பத்திர நகல், திருத்திய வரி ரசீது, அடையாள அட்டை, கட்டட அனுமதியும் வரைபடமும். உங்களுடையது சிறிய குடியிருப்பு, பணி நிறைவுச் சான்று கட்டாயம் இல்லாத வகை. ஆனால் வரைபடத்தில் இல்லாத மாடி அறை எதாவது கட்டியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பார்வையின்போது தளங்களின் எண்ணிக்கையும் பரப்பும் பார்க்கப்படும், கட்டணம் அதைப் பொறுத்தது.

கட்டணக் கோரிக்கை வந்ததும் எதெதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். இணைப்புக் கட்டணம் வேறு, சாலை வெட்டிச் சீரமைக்கும் தொகை வேறு. தவணையில் கட்ட வாரியத்தில் வழி இருக்கிறது, விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். ஒரே தொகையாகக் கட்டிய பிறகு தவணை கேட்க முடியாது.

மேட்டுத்தெரு | 09-07-2025, காலை 11.30

எங்கள் ஊரில் tnurbanepay.tn.gov.in தளத்தில்தான் வரியும் தண்ணீர்க் கட்டணமும் கட்டுகிறோம். அதில் சென்னை இல்லையா?

ரசீதுக்கட்டு | 09-07-2025, பகல் 12.10

சென்னைக்கு அது இல்லை. சொத்து வரிக்கு மாநகராட்சித் தளம், தண்ணீருக்கு வாரியத் தளம்.

கீழ்த்தளம் | 30-07-2025, மாலை 6.00

பார்வை முடிந்தது. சம்ப் இடப்பக்கமும் கழிவுநீர்ச் சேம்பர் வலப்பக்கமும் இருப்பது நல்லது என்றார். ஒரே பள்ளத்தில் இரண்டு குழாயும் போட்டால் செலவு குறையும் என்று பிளம்பர் சொன்னதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

மட்டக்குழாய் | 30-07-2025, இரவு 8.45

சரியாகச் சொல்லியிருக்கிறார். கழிவுநீர்க் குழாயின் மூட்டு கசிந்தால் அந்தப் பள்ளத்து மண்ணே ஊறியிருக்கும். தண்ணீர் வராத நேரத்தில் குடிநீர்க் குழாய் காலியாக இருக்கும், அதில் சின்ன விரிசல் இருந்தாலும் ஊறல் உள்ளே போகும். இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்ள நேர்ந்தால் குடிநீர் மேலே, கழிவுநீர் கீழே. வெட்டும் இடத்தில் இரண்டிலும் மூட்டு வரக் கூடாது, முழுக் குழாயாகப் போகட்டும்.

கொத்துக்கரண்டி | 31-07-2025, காலை 7.20

பள்ளம் மூடும் முன் ஒரு வேலை செய்ங்க. வாசல் சேம்பரில் குழாய் வாயை அடைச்சுட்டு, பின்பக்கத்திலிருந்து தண்ணீர் நிரப்பி அரைமணி நேரம் விட்டுப் பாருங்க. மட்டம் இறங்கினா எங்கேயோ மூட்டு கசியுது. மூடின பிறகு கண்டுபிடிக்க முடியாது.

கீழ்த்தளம் | 22-08-2025, காலை 9.40

பணம் கட்டிவிட்டேன். உள்ளே 4 அங்குலமே போட்டு, தொடக்கத்தை 18-க்குத் தூக்கிவிட்டோம். முதல் ஐந்து மீட்டருக்குக் கான்கிரீட். தண்ணீர் நிரப்பிப் பார்த்ததில் ஒரு வளைவில் கசிந்தது, மாற்றியாயிற்று. சாலை வெட்டு அனுமதி இன்னும் வரவில்லை.

ரசீதுக்கட்டு | 22-08-2025, காலை 10.30

பணிமனையில் கேட்டு நினைவூட்டிக்கொண்டே இருங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாநகராட்சி சாலை வெட்டுவதை நிறுத்திவிடும். செப்டம்பருக்குள் வெட்டாவிட்டால் மழை முடியும் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை செப்டிக் டேங்கை மூடாதீர்கள். புதுக் குழாயின் வாசல் முனையை மூடிபோட்டு அடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் மண்ணும் எலியும் போகும்.

கீழ்த்தளம் | 17-09-2025, மாலை 4.55

நேற்றிரவு வெட்டிச் சேர்த்துவிட்டார்கள். கழிவுநீர் தெருக்குழியில் 81 செ.மீ. ஆழத்தில் நுழைகிறது. குடிநீர் சம்பில் விழத் தொடங்கியது. டேங்கை உறிஞ்ச லாரி நாளை மறுநாள்.

மட்டக்குழாய் | 17-09-2025, இரவு 7.30

முதல் இரண்டு நாள் சம்ப் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், வெளியேற்றிக் கழுவுங்கள். போர் தண்ணீர் இன்னும் அதே சம்பில் விழுகிறதென்றால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். தெருவில் வெட்டிய இடம் முதல் மழையில் இறங்கும், அப்போது சேம்பரைத் திறந்து குழாய் மட்டம் மாறியிருக்கிறதா பாருங்கள்.

கொத்துக்கரண்டி | 17-09-2025, இரவு 8.05

ஆறு மாசம் கழிச்சு அந்த முதல் துண்டு அடைச்சுதா இல்லையான்னு இங்கே எழுதுங்க. 4 அங்குலமா 6 அங்குலமான்னு அண்ணனும் நானும் அப்போ பேசிக்கிறோம்.